கவரிங் லெட்டரும் இணைப்புகளும்: பிரிட்டிஷ், அமெரிக்கன், ஆக்ஸ்ஃபோர்டு, எதில் நிற்பது?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ விசா அலுவலகத்துக்கோ நம் ஊரிலிருந்து போகும் விண்ணப்பக் கட்டில் இரண்டு வகைத் தாள்கள் இருக்கும். கவரிங் லெட்டர், பயோடேட்டா, படிப்பின் நோக்கம் சொல்லும் கட்டுரை, பணக் கணக்கின் சுருக்க அட்டவணை, இணைப்புகளின் பட்டியல் ஆகியவை நாமே எழுதுபவை. மதிப்பெண் பட்டியல், வங்கிக் கடிதம், பாஸ்போர்ட் நகல், பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் ஆகியவை பிறர் எழுதியவை; அவற்றில் ஒரு புள்ளியைக்கூட நாம் தொடக் கூடாது. எந்த ஸ்பெல்லிங், எந்தத் தேதி வடிவம் என்று முடிவெடுக்கும்போது பெரும்பாலானவர்கள் பெறுபவர் எந்த நாட்டவர் என்று மட்டும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது அந்த இரண்டாவது வகைத் தாள்களை. மாற்ற முடியாத தாள்கள் எந்த வழியில் இருக்கின்றனவோ, அந்த வழிக்கு மாற்றக்கூடியவற்றைக் கொண்டு வருவதுதான் வேலையைக் குறைக்கும், முரண்பாட்டையும் குறைக்கும்.

ஸ்பெல்லிங்கில் நம் முன்னால் இருப்பவை மூன்று வழிகள். ஒரே ஐந்து சொற்களை மூன்றிலும் எழுதினால் இப்படி வரும்:

```
பிரிட்டிஷ்:     colour  centre  organise  analyse  programme
அமெரிக்கன்:   color   center  organize  analyze  program
ஆக்ஸ்ஃபோர்டு:  colour  centre  organize  analyse  programme
```

பிரிட்டிஷ் வழி நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது. நம் கல்லூரிச் சான்றிதழ்களும் வங்கிக் கடிதங்களும் பெரும்பாலும் இதில்தான் அச்சாகின்றன. மதிப்பெண் பட்டியலின் தலைப்பில் `Programme` என்று இருக்கும்போது, அதைச் சுட்டிக்காட்டும் நம் கடிதத்திலும் அப்படியே இருந்தால் படிப்பவரின் கண் தடுக்காமல் ஓடும். இதில் ஒரே ஒரு சிக்கல்: கணினி நிரல் என்ற பொருளில் வந்தால் பிரிட்டனிலும் அது `program` தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவரின் பயோடேட்டாவில் இரண்டு வடிவமும் வரலாம், அது தவறல்ல.

அமெரிக்கன் வழி அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பொருத்தமானது என்பதில் சந்தேகமில்லை. அங்கே ஏற்கெனவே படித்தவர்கள், அமெரிக்க நிறுவனத்தில் வேலை பார்த்து அந்தப் பழக்கத்தில் எழுதுபவர்கள் தயங்காமல் அதை எடுக்கலாம். ஆனால் பள்ளி முதல் கல்லூரி வரை இங்கேயே படித்தவர், அமெரிக்காவுக்கு விண்ணப்பிப்பதாலேயே இதற்கு மாற வேண்டியதில்லை. இந்தியாவிலிருந்து வரும் கடிதம் பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கில் இருப்பதை அங்கே யாரும் குறையாக எண்ணுவதில்லை. பாதி கடிதம் ஒரு வழியிலும் பாதி இன்னொரு வழியிலும் இருந்தால்தான், இரண்டு இடங்களிலிருந்து வெட்டி ஒட்டியது போன்ற தோற்றம் வருகிறது. படிப்பின் நோக்கத்தைச் சொல்லும் கட்டுரையில் அந்தத் தோற்றம் வருவது நல்லதல்ல.

ஆக்ஸ்ஃபோர்டு வழி அழகானது. ஐக்கிய நாடுகள் சபையின் ஆவணங்கள் இந்த முறையைத்தான் பின்பற்றுகின்றன. ஆனால் இதைக் கடைசி வரை பிசகாமல் நடத்துவது கடினம். `organize` என்று எழுதுபவர் `analyse` என்பதை மட்டும் `s` போட்டு எழுத வேண்டும். `advise`, `supervise`, `exercise` போன்றவை மூன்று வழியிலும் `s` தான். இந்த முறையை அறியாத ஒருவர் படித்தால், ஒழுங்காக எழுதியதையே கலப்படம் என்று நினைத்துவிடுவார். ஒரு விண்ணப்பக் கட்டுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

எந்த வழியை எடுத்தாலும் நிறுவனங்களின் பெயர் அந்த வழிக்குக் கட்டுப்படாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பெயர் `International Labour Organization`. ஒரு சொல்லில் பிரிட்டிஷ் `u`, அடுத்த சொல்லில் `z`. அமெரிக்கன் வழியில் எழுதும் கடிதத்திலும் அது அப்படியேதான் நிற்க வேண்டும். உங்கள் கல்லூரியின் ஆய்வு மையத்தின் பெயரில் `Centre` இருந்தால் அதற்கும் இதே விதி. கடைசி நேரத்தில் மொத்தமாகத் தேடி மாற்றும் கட்டளையைக் கொடுப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்: கடிதத்தில் கல்லூரியின் பெயர் ஒரு மாதிரி, சான்றிதழில் வேறு மாதிரி ஆகிவிடும். ஆட்பெயருக்கும் ஊர்ப்பெயருக்கும் பாஸ்போர்ட்டில் இருப்பதே அளவுகோல்.

ஸ்பெல்லிங் பிசகினால் தோற்றம்தான் கெடும். தேதி பிசகினால் பொருளே மாறிவிடும். அதனால் அதற்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

05/06/2025 என்பது நமக்கும் பிரிட்டனுக்கும் ஜூன் 5, அமெரிக்காவுக்கு மே 6. ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாள்களுக்கு இந்தக் குழப்பம் உண்டு. 01/01, 02/02 போல எப்படிப் படித்தாலும் ஒன்றாக வரும் 12 நாள்களைக் கழித்தால், வருடத்தில் 132 தேதிகளை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஆகவே நாமே எழுதும் தாள்களில் முழுக்க எண்ணாலான சாய்கோட்டுத் தேதியை எடுத்துவிடுங்கள். மீதி இருப்பவை மூன்று:

```
5 June 2025
June 5, 2025
2025-06-05
```

முதலாவதுதான் என் தேர்வு, அமெரிக்காவுக்கு எழுதினாலும். காற்புள்ளி வேண்டாம், எண்ணுக்குப் பின்னால் `th` வேண்டாம், எங்கே உடைத்தாலும் பொருள் மாறாது. அமெரிக்கப் பாஸ்போர்ட்டிலேயே நாள், மாதத்தின் பெயர், வருடம் என்ற வரிசைதான் இருக்கிறது. விசாவுக்கான `DS-160` படிவமும் மாதத்தைப் பெயராகத்தான் கேட்கிறது. நம் ஊர் பத்திர எழுத்தர்களும் கிரயப் பத்திரத்தை "2025-ஆம் வருடம் ஜூன் மாதம் 5-ஆம் தேதி" என்றுதான் தொடங்குகிறார்கள். பின்னால் யாரும் வேறு மாதிரி படிக்க இடமில்லாத எழுத்து அது.

இரண்டாவது வடிவம் அமெரிக்கன் ஸ்பெல்லிங்கோடு சேர்ந்தே வர வேண்டும். வாக்கியத்தின் நடுவே வந்தால் வருடத்துக்குப் பின்னாலும் ஒரு காற்புள்ளி போட வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது அதைத்தான். மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. 8601 தரத்தின் வடிவம். கடிதத்தின் உடலில் அது விறைப்பாக இருக்கும். ஆனால் கோப்புப் பெயர்களுக்கு அதைவிட நல்லது கிடையாது: `2025-06-05_bank-letter.pdf` என்று வைத்தால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். கடிதத்தில் ஒன்று, கோப்புப் பெயரில் வேறொன்று என்பது முரண்பாடு ஆகாது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே வடிவம் என்று முடிவு செய்து, அதை மீறாமல் இருந்தால் போதும்.

இது எங்கே கடிக்கும் என்பதற்குப் பிரிட்டன் மாணவர் விசாவையே பார்ப்போம். தேவையான பணம் தொடர்ந்து 28 நாள்கள் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28 நாள்கள் முடியும் தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு 31 நாள்களுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. வங்கிக் கடிதத்தில் கடைசி இருப்பின் தேதி 05/06/2025 என்று வைத்துக்கொள்வோம். அது ஜூன் 5 என்றால், 28 நாள்கள் மே 9-ல் தொடங்குகின்றன. ஜூலை 6 வரை விண்ணப்பிக்கலாம். மாணவர் ஜூன் 20-ல் விண்ணப்பிக்கிறார், எல்லாம் சரி. ஆனால் அவருடைய லேப்டாப்பில் நாடு அமெரிக்கா என்று இருக்கிறது. வங்கித் தளத்திலிருந்து இறக்கிய கணக்கை எக்செலில் திறந்து, சுருக்க அட்டவணை தயாரித்து இணைக்கிறார். எக்செல் அந்தத் தேதியை மே 6 என்று எடுத்துக்கொண்டுவிட்டது. இப்போது அட்டவணைப்படி 45 நாள் பழைய கணக்கு. வங்கிக் கடிதம் ஒன்று சொல்கிறது, அவரே கையெழுத்திட்ட அட்டவணை வேறொன்று சொல்கிறது.

இந்தப் புரட்டலைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். தேதிப் பத்தியைப் பாருங்கள். 28/05/2025 போன்றவற்றில் 28-ஆவது மாதம் கிடையாது என்பதால், எக்செல் அவற்றைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக இடது ஓரத்தில் விட்டுவிடும். 05/06/2025 போன்றவற்றைத் தேதியாக மாற்றி வலது ஓரத்தில் நிறுத்தும். ஒரே பத்தியில் சில இடது, சில வலது என்றால், வலது பக்கம் இருப்பவை புரண்டிருக்கின்றன. புரண்டதை அதே தாளில் சரிசெய்யப் பார்க்காதீர்கள். விண்டோஸில் நாட்டு அமைப்பை இந்தியா என்று மாற்றிவிட்டு, வங்கியிலிருந்து இறக்கிய மூலக் கோப்பை மறுபடி திறங்கள். பிறகு தேதி வடிவத்தை `d mmmm yyyy` என்று கொடுத்தால் கடிதத்தில் இருப்பது போலவே வரும்.

வேர்டில் ஸ்பெல்லிங்கைச் சரிபார்க்கும்போதும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மொழியை `English (United Kingdom)` என்று வைத்தால் `color` என்பதற்குச் சிவப்புக் கோடு வரும். ஆனால் `organise`, `organize` இரண்டையும் அது ஏற்கும், பிரிட்டனில் இரண்டும் வழக்கில் இருப்பதால். அதனால் சிவப்புக் கோடு இல்லை என்று நம்பிவிடக் கூடாது. `iz` என்று தேடி, வரும் ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். `Ctrl+A` கொடுத்து மொழியை மாற்றினாலும், பக்கத்தின் தலைப்பகுதி, அடிப்பகுதி, பெட்டிக்குள் இருக்கும் எழுத்து ஆகியவை அதில் சேராது. அவற்றைத் தனியாகத் தொட்டு மாற்ற வேண்டும். வேர்டின் தேதிச் செருகலில் `Update automatically` என்ற குறி இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை திறக்கும்போது கடிதத்தின் தேதி அன்றைய தேதியாகிவிடும்.

மறந்துபோகும் இணைப்பு ஒன்று உண்டு: தமிழ்ச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு. அதை எழுதுபவர் வேறொருவர், ஆனாலும் எழுதுவதற்கு முன் நாம் சொல்லிவைக்கலாம். பிரிட்டிஷ் ஸ்பெல்லிங், மாதம் பெயராக, கடைசியில் அவர் போடும் தேதியும் அதே வடிவில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும் இருக்கும். மொழிபெயர்ப்பில் எழுத்தில் உள்ளதை விட்டுவிட வேண்டாம் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். மூலத்தில் உள்ள எண் வடிவம் நகலில் அப்படியே இருக்கட்டும். கவரிங் லெட்டரின் இணைப்புப் பட்டியலில் ஒவ்வொரு சான்றிதழுக்கும் நேரே அதன் தேதியை மாதப் பெயரோடு எழுதிவிட்டால், அதிகாரி எண்களைப் பார்க்கும்போது எது நாள், எது மாதம் என்று அந்தப் பட்டியலே அவருக்குச் சொல்லிவிடும்.