பத்தொன்பது மாதம் கட்டிய ஃபிட்னஸ் பாண்ட்: என் சண்டையெல்லாம் சார்ஜ் கிளிப்போடுதான்

போன கிழமை என் மச்சான் ஒருவர் போன் எடுத்தார். நான் கையில் கட்டியிருக்கும் அதே பாண்டின் விலை இறங்கிவிட்டதாம், வாங்கலாமா என்று கேட்டார். யோசிக்காமல் "வேண்டாம்" என்றேன். "அப்ப நீங்கள் ஏன் இன்னும் கட்டிக்கொண்டு திரியிறீங்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன்.

விடிய ஐந்து மணிக்குத் திருகோணமலை உவர்மலையிலிருந்து இறங்கி, கோட்டை வாசலால் புகுந்து, மான்கள் வழிவிட்டால் கோணேசர் கோயில் வரை ஏறித் திரும்புவது என் நடை. போய்வர ஆறாயிரம் அடிக்கு மேல் வரும். அந்தக் கணக்கை வைக்கத்தான் பாண்ட் வாங்கினேன். முதல் ஒன்பது மாதம் ஒரு குறையும் இல்லை. ஒரு சார்ஜில் பத்து நாள் ஓடியது. வெயிலில் திரை தெரிந்தது. விடியற்காலை மணிக்கட்டில் அதிர்ந்து என்னை மட்டும் எழுப்பியது. தேங்காய் திருவினால் அதையும் நடையாக எண்ணும், அது வேறு கதை.

பிறகு கச்சான் காற்றுக் காலம் வந்தது. நாலு எட்டு வைத்தாலே சட்டை நனையும். பாண்டின் அடியில் எப்போதும் வேர்வை. ஞாயிறுகளில் உப்புவெளிக் கடலில் அதைக் கட்டிக்கொண்டே குளிப்பேன். தண்ணீர் புகாது என்று பெட்டியில் போட்டிருந்தது, புகவும் இல்லை. ஆனால் அந்த மாதம்தான் போனோடு சிங்க் ஆகாமல் போகத் தொடங்கியது. செயலியைத் திறந்தால் "இணைகிறது" என்று சுற்றிக்கொண்டே நிற்கும். பாண்டில் எண்ணிக்கை இருக்கும், போனுக்கு வராது.

இந்த இடத்தில் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். செயலியில் பாண்டை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்த்தேன். அதில் நாலு நாள் நடை போய்விட்டது. போன் எடுத்துக்கொள்ளும் வரைக்கும் அடிக்கணக்கு, தூக்கம், இதயத் துடிப்பு எல்லாம் பாண்டின் நினைவகத்தில்தான் கிடக்கும். நீக்கினால் பாண்ட் தன்னைத் தானே துடைத்துக்கொண்டு புதுசாகத் தொடங்கும். என் பாண்ட் அப்படித்தான். நீக்குமுன் ஒரு எச்சரிக்கை வந்தது. அவசரத்தில் நான் வாசிக்கவில்லை.

இரண்டாம் முறை இன்னும் மோசம். நீக்கியது சரி, திரும்பச் சேரவே மாட்டேன் என்றது. அரை மணி நேரம் திண்ணையில் இருந்து திட்டினேன். காரணம் பிறகுதான் விளங்கியது. முதல்முறை இணையும்போது போனும் பாண்டும் ஒரு ரகசியச் சாவியைப் பகிர்ந்து வைத்துக்கொள்கின்றன. பாண்டைத் துடைத்தால் அதன் பக்கச் சாவி அழிந்துவிடும். போனின் புளூடூத் பட்டியலில் பழைய சாவி அப்படியே இருக்கும். போன் பழைய சாவியை நீட்டுகிறது, பாண்ட் உன்னைத் தெரியாதே என்கிறது. ஆகவே செயலியில் நீக்கினால் போதாது. போனின் புளூடூத் அமைப்புக்குள் போய் அங்கேயும் அந்தப் பெயரை மறக்கச் செய்து, புளூடூத்தை ஒருமுறை அணைத்துப் போட்டு, அதன்பின் செயலிக்குள்ளிருந்தே சேர்க்க வேண்டும். புளூடூத் பட்டியலில் நேரடியாகத் தட்டிச் சேர்த்தால் இணைந்தது போலக் காட்டும், அடிக்கணக்கு வராது.

இப்படி நீக்கித் திரும்பச் சேர்க்கும் ரீசெட் மூன்று மாதத்தில் ஆறு தடவை. ஒவ்வொரு முறையும் ரீசெட் செய்தபின் நாலைந்து நாள் ஒழுங்காக வேலை செய்யும். அதனால் ரீசெட்தான் மருந்து என்று நம்பினேன். புளூடூத்தையும் செயலியையும் அதை எழுதினவனையும் ஏசினேன். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான். ரீசெட் செய்யுமுன் பாண்டில் சார்ஜ் இருக்க வேண்டும் என்று செயலி சொல்லும். அதற்காக ஒவ்வொரு முறையும் அதைக் கிளிப்பில் பொருத்தி, பக்கத்திலிருந்து பார்த்து, சார்ஜ் ஏறும்வரை அசைத்து அசைத்து வைத்திருப்பேன். வேலை செய்தது அந்தச் சார்ஜ். பெயர் எடுத்தது ரீசெட்.

இதைக் கண்டுபிடித்தது சுவர்க் கலண்டரில். சிங்க் ஆகாத நாட்களைப் பேனாவால் வட்டமிட்டு, அன்றைய பற்றரி அளவையும் பக்கத்தில் எழுதி வந்தேன். 12, 9, 14, 7. வட்டமிட்ட நாளெல்லாம் பதினைந்துக்குக் கீழே. பற்றரி தாழ்ந்தால் என் பாண்ட் நேரம் காட்டும், அடியும் எண்ணும், ஆனால் போனோடு பேசுவதைக் குறைத்துக்கொள்ளும். ஒருமுறை முழுதாகச் செத்து எழும்பியபோது நேரத்தையும் மறந்துவிட்டது. அன்று காலை நடந்த நடை வேறொரு தேதியில் போய் உட்கார்ந்திருந்தது.

சரி, பற்றரி ஏன் தாழ்ந்தது? இரண்டு நாளுக்கு ஒருமுறை இரவில் கிளிப்பில் போட்டுத்தானே படுத்தேன்? விடிய எழும்பிப் பார்த்தால் 30, 35. இரவில் மேசையில் அது அடிக்கடி 'வ்ர்ர்' என்று அதிரும். "அந்த வண்டைக் கொண்டுபோய் வெளியில வையுங்கோ" என்று மனைவி ஏசினார். சார்ஜ் தொடங்கும்போதுதான் அது ஒருமுறை அதிரும். இரவு முழுக்க அதிர்கிறது என்றால், தொடுப்பு விட்டு விட்டுப் பிடிக்கிறது என்று பொருள். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

போன் திருத்தும் கடை ஒன்றில் காட்டினேன். கையில் வாங்கிப் புரட்டக்கூட இல்லை. "பற்றரி போயிட்டுது, இதுக்கெல்லாம் மாத்த ஏலாது, புதுசு எடுங்கோ" என்றார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி மல்டிமீட்டர் கொண்டுவந்து கிளிப்பின் இரண்டு ஊசிகளிலும் வைத்தான். 5.1 வோல்ட். "கிளிப் நல்லாத்தான் இருக்குது அண்ணை" என்றான். அந்த அளவு எங்கள் இரண்டு பேரையும் ஏமாற்றியது. மீட்டரின் கூர்முனை அழுக்கைக் குத்திக்கொண்டு உலோகத்தைத் தொட்டுவிடும். அதோடு மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அழுக்கின் தடை தெரிய வேண்டுமானால், மின்னோட்டம் ஓடும்போது பார்க்க வேண்டும். அடுத்த நாள் அவன் யூஎஸ்பி மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்தான், சார்ஜருக்கும் வயருக்கும் நடுவில் செருகுவது. அதில் 0.02 அம்பியர், பிறகு சுழியம், பிறகு 0.03, மறுபடி சுழியம். இங்கேதான் பிடிபட்டது.

போன் கமராவைப் பெருப்பித்து பாண்டின் பின்பக்கத்தைப் பார்த்தோம். கிளிப்பின் ஊசிகள் தொடும் இரண்டு பொன்னிறப் பொட்டுகள். ஒன்றில் வெள்ளையாகக் காய்ந்த உப்பு மட்டும். மற்றதைச் சுற்றிக் கரும்பச்சை வளையம். பச்சை வந்தது நேர்முனைப் பக்கம். வேர்வை உப்புத் தண்ணீர், மின்சாரம் கடத்தும். ஈரத்தோடு கிளிப்பில் போட்டால் இரண்டு பொட்டுகளுக்கும் இடையில் ஒரு சின்ன மின்பகுப்பு நடக்கிறது, நேர்முனையின் உலோகம் கரைகிறது. மேலே இருக்கும் பொன்முலாம் மிக மெல்லியது. அது தேய்ந்த இடத்தில் உள்ளே இருக்கும் செம்பு பச்சை பூக்கும். நடந்து வந்த கையோடு, துடைக்காமல் சார்ஜில் போட்ட என் பழக்கத்துக்கு இதைவிட வேறென்ன கிடைக்கும்? கிளிப்பிலும் ஒரு ஊசி மற்றதைவிடத் தாழ்ந்து கிடந்தது. அது சுருள்வில்லில் மேலும் கீழும் போய்வர வேண்டிய ஊசி, அழுக்கு இறுகி உள்ளேயே நின்றுவிட்டது.

துப்புரவு செய்தது இப்படி. முதலில் கிளிப்பின் வயரைச் சார்ஜரிலிருந்து கழற்றினோம். பார்மசியில் வாங்கிய சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சுக் குச்சியில் நனைத்துப் பொட்டுகளில் வைத்து ஒரு நிமிடம் ஊற விட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்தோம். வளையத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை மரப் பற்குச்சியால் நோண்டி எடுத்தோம். தாழ்ந்த ஊசியில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு, பற்குச்சியால் இருபது தரம் அழுத்தி அழுத்தி விட்டோம். பன்னிரண்டாவது அழுத்தலில் 'டிக்' என்று மேலே வந்தது. அந்தச் சத்தத்துக்கு நான் கை தட்டினேன் என்றால் நம்புவீர்களா? பிறகு அரை மணி நேரம் காய விட்டோம். தம்பி முதலில் பிளேட்டைத்தான் எடுத்தான், நான் தடுத்தேன். பிளேட்டோ அரத்தாளோ பட்டால் மிச்சமிருக்கும் முலாமும் போய், அடுத்த பச்சை இன்னும் கெதியில் வரும்.

திரும்பச் செருகியபோது மீட்டர் 0.11இல் நின்றது, அசையவில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் நூறு. அன்றிலிருந்து ஏழு மாதம், ரீசெட் ஒன்றுகூட இல்லை. பாண்டை மாற்றவில்லை, போனை மாற்றவில்லை, செயலியும் அதேதான்.

ஆனாலும் முழுதாகத் தீர்ந்ததென்று சொல்ல மாட்டேன். பச்சை தின்ற இடத்தில் ஒரு சின்னக் குழி விழுந்துவிட்டது. மாதம் ஒருமுறை ஸ்பிரிட் போட வேண்டியிருக்கிறது. ஒரு மாதம் மறந்தால் இரவில் வண்டு திரும்பவும் கத்துகிறது. வேறு கிளிப் ஒன்று மலிவாக வாங்கிப் பார்த்தேன். அதன் வில்லுக்குப் பலமில்லை, பாண்ட் அசைந்தாலே விடுகிறது. பவர் பாங்கிலும் சரிவரவில்லை. பாண்ட் இழுக்கும் மின்னோட்டம் அவ்வளவு சின்னது என்பதால், ஒன்றும் செருகப்படவில்லை என்று நினைத்து அது சிறிது நேரத்தில் தானாகவே அணைந்துவிடுகிறது. மின்வெட்டு நாளில் இதைக் கண்டுபிடித்தேன்.

எனக்குக் கோபம் வருவது வேறொரு இடத்தில். வேர்வையில் கட்டச் சொல்லி விற்கிற சாமான் இது. அதன் வேர்வை படும் பக்கத்திலேயே செம்பின்மேல் மெல்லிய முலாம் பூசிய இரண்டு பொட்டுகளை வைத்திருக்கிறார்கள். கழுவித் துடைத்துக் காயவைத்து சார்ஜில் போடு என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருக்கிறது. சிங்க் ஆகவில்லை என்றால் செயலியின் உதவிப் பக்கம் முதலாவதாகச் சொல்வது ரீசெட் செய்யச் சொல்லித்தான். பற்றரி எத்தனை என்று பார், பொட்டைத் துடை என்று அங்கே ஒரு வரி இருந்திருந்தால் என் மூன்று மாத நடைக்கணக்கு ஓட்டை விழாமல் இருந்திருக்கும்.

மச்சானுக்கு இதையெல்லாம் நேற்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப துடைச்சால் நல்ல சாமான்தானே?" என்றார். இல்லை, வாங்காதீர்கள் என்றேன். சார்ஜ் போட்டு ஐந்தாவது நாள், பாண்ட் 61 காட்டிக்கொண்டிருந்தது. காலை நடை போனில் ஒழுங்காக ஏறியிருந்தது. அப்படியிருந்தும் வாங்காதீர்கள் என்றுதான் சொன்னேன்.

இன்று காலை கோட்டை வாசலில் சந்தித்தார். முழுக்கைச் சட்டை போட்டிருந்தார், இந்தக் கச்சானில்.