கையால் எழுதிய ஸ்ட்ரக்சர் ஸ்லைடுக்குப் போகும் வழி: மூன்று வருட அனுபவம்

தாம்பரத்தில் இருக்கும் தோழி போன வாரம் கேட்டாள்: "உன்கிட்ட இருக்கிற அந்த மென்பொருளை நானும் போட்டுக்கட்டுமா? ஒரு தாள் முழுக்க மூலக்கூறு ஸ்ட்ரக்சர் இருக்கு, ஸ்லைடுக்கு வேணும்." போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் வழக்கம் இதுதான். தாளைப் போனில் படம் எடுத்து, ஒவ்வொரு ஸ்ட்ரக்சரையும் தனியாக வெட்டி, படத்தைப் படித்து, மூலக்கூறை எழுத்துகளால் குறிக்கும் ஸ்மைல்ஸ் வரியாக மாற்றும் மென்பொருளில் போடுவேன். அந்த வரியை ஸ்ட்ரக்சர் வரையும் கெட்சரில் ஒட்டி `Layout` அழுத்தினால் கோணமெல்லாம் சீராகிவிடும். அப்புறம் எஸ்விஜி கோப்பாகச் சேமித்து ஸ்லைடில் வைப்பேன். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு மங்காது. கோடில்லாத வெள்ளைத் தாள், கறுப்பு ஜெல் பேனா இரண்டும் முக்கியம். கோடு போட்ட நோட்டில் எழுதினால் அச்சுக் கோட்டையும் பிணைப்பு என்று எடுத்துக்கொள்ளும்.

நேரம் நிறைய மிச்சமாகிறது, அதில் சந்தேகமில்லை. பன்னிரண்டு ஸ்ட்ரக்சரை மவுஸால் வரைய எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். இப்படிச் செய்தால் அரை மணி கூட ஆவதில்லை. தவறு வந்தாலும் பெரும்பாலும் கெட்சரில் வாய்பாட்டைக் காட்டும் `Calculated Values` திறந்தவுடன் பிடிபடும். ஒருமுறை ஐபுப்ரொஃபேனுக்கு C13H18O2 வர வேண்டிய இடத்தில் C12H16O2 வந்தது. ஒரு CH2 குறைகிறது. ஐசோபியூட்டைல் சங்கிலியில் ஒரு முனையை நான் வளைவாக இழுத்திருந்தேன், மென்பொருள் அந்த வளைவை நேர்கோடாக எண்ணி ஒரு கார்பனை விழுங்கியிருந்தது. வாய்பாட்டைப் பார்த்ததும் திருத்திவிட்டேன். இந்தச் சோதனை கைவந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். எல்லாத் தவறும் இதில் மாட்டும் என்று நம்பியும்விட்டேன்.

அந்த நம்பிக்கைதான் சென்ற மாதம் வகுப்பில் உடைந்தது. நாப்ராக்சன் ஸ்லைடு ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "மேடம், நாப்ராக்சன் எஸ் வடிவம்னு சொன்னீங்க. ஸ்லைடுல ஆர் இருக்கே?" என்றாள். எண்ணிப் பார்த்தேன், அவள் சொன்னது சரி. நான் தாளில் வரைந்தது ஸ்மைல்ஸ் வரியில் இப்படி இருக்க வேண்டும்:

```
COc1ccc2cc([C@H](C)C(=O)O)ccc2c1
```

மென்பொருள் கொடுத்தது இது:

```
COc1ccc2cc([C@@H](C)C(=O)O)ccc2c1
```

ஒரே ஒரு `@` கூடுதல். இரண்டுக்கும் வாய்பாடு C14H14O3 தான், மூலக்கூறு எடையும் ஒன்றே. வாய்பாட்டுச் சோதனையில் இது மாட்டவே மாட்டாது. மருந்தாக விற்பது எஸ் வடிவம். நான் காட்டியது அதன் கண்ணாடிப் பிம்பம்.

வீட்டுக்கு வந்து தாளை எடுத்துப் பார்த்தேன். மெத்தில் பிணைப்பு முன்னே வருவதைக் காட்டும் ஆப்பைப் பேனாவால் மூன்று நான்கு முறை தேய்த்து நிரப்பியிருந்தேன். தேய்ப்புக்கு நடுவே வெள்ளை இடைவெளிகள். கண்ணுக்கு அது ஆப்பாகத் தெரிகிறது. படத்தைச் சுருக்கிப் படிக்கும் மென்பொருளுக்கு அது பின்னே போகும் பிணைப்பைக் காட்டும் வெட்டுக்கோடுகளாகத் தெரிந்திருக்க வேண்டும். முன்னே வரும் பிணைப்பு பின்னே போய்விட்டது. ஆப்பு வெறும் கோடாகிவிட்டால்கூடப் பரவாயில்லை, வரியில் `@` இல்லாமல் இருப்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். தலைகீழாக மாறினால் வரி பார்க்க ஒழுங்காகவே இருக்கும். அதுதான் எனக்குக் கோபம். இவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்தும் மென்பொருள், சந்தேகம் வந்த இடத்தில் ஒரு குறியாவது போட்டுக் காட்டியிருக்கலாம். மென்பொருளை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. என் ஆப்பு அன்றைக்கு ஆப்பாகவே இல்லை.

இப்போது படம் எடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு கைரல் கார்பனுக்கும் ஆர், எஸ் முடிவு செய்து, படத்தில் விழாதபடி தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதிவைக்கிறேன். கெட்சரில் ஒட்டியதும் `Calculate CIP` அழுத்தினால் எழுத்துகள் கார்பனுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். தாளைத் திருப்பி ஒப்பிட்ட பிறகுதான் சேமிப்பேன். ஆப்பையும் முதலில் முக்கோணமாக வரைந்து, இடைவெளி இல்லாமல் நிரப்புகிறேன்.

சரி, தோழிக்கு என்ன பதில்? அவள் அனுப்பிய தாளைப் பார்த்தேன். முழுக்கச் சர்க்கரைகள். குளுக்கோஸ் வளையத்தில் மட்டும் ஐந்து கைரல் மையங்கள், பத்து ஸ்ட்ரக்சர் என்றால் ஐம்பது ஆப்பை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். அவளுக்கு இது வேண்டாம். கெட்சரில் ஒரு குளுக்கோஸைக் கையால் சரியாக வரைந்து, அதை நகலெடுத்து, மாறும் கார்பனை மட்டும் திருப்பிக்கொள்ளட்டும். கேலக்டோஸுக்கு நான்காவது கார்பன், மேனோஸுக்கு இரண்டாவது. சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறேன், முதல் குளுக்கோஸைச் சேர்ந்தே வரைவோம்.