ஒரே ஸ்பேனர், இரண்டு அர்த்தம்: நாலு கார் ஓட்டிய அனுபவம்

சிங்கப்பூரில் எட்டு வருடமாகத் தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன். சொந்தக் கார் இல்லை, எல்லாம் வாடகைதான். இது நாலாவது பிராண்ட்.

கார் மாறினாலும் டாஷ்போர்டு விளக்குகள் பெரும்பாலும் மாறவில்லை. எண்ணெய்க் குவளை, பேட்டரிப் பெட்டி, வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட பிரேக் எல்லாம் அச்சு எடுத்தது போல இருந்தன. காரணம், ISO 2575 என்ற தரநிலை இந்தப் படங்களை வரைந்து வைத்திருக்கிறது. ஐநாவின் 121ஆம் வாகன விதி, முக்கியமான விளக்குகளுக்கு எந்தப் படம், எந்த நிறம் என்று பட்டியல் போட்டுக் கட்டாயமாக்குகிறது. சிவப்பு என்றால் ஆபத்து, மஞ்சள் என்றால் கவனி, ஹைபீமுக்கு நீலம்.

பட்டியலுக்கு வெளியே வந்துவிட்டால் பிடி தளர்கிறது. ISO படமும் இல்லாத இடத்தில் கம்பெனிக்காரர்கள் சொந்தமாக வரைந்துகொள்ளலாம். நான் மாட்டிக்கொண்டது பட்டியலுக்கு வெளியே உள்ள ஒரு படத்தில்தான்: மஞ்சள் ஸ்பேனர்.

இரண்டாவது கார் ஒரு மஸ்டா. அதில் ஸ்பேனர் வந்தால் சர்வீஸ் நாள் நெருங்குகிறது என்று பொருள், அவ்வளவுதான். மூன்றாவது கார் வேறு பிராண்ட், பெயர் வேண்டாம். சாங்கியில் பயணியை இறக்கிவிட்டு பிஐஇ விரைவுச்சாலையில் திரும்பும்போது அதே மஞ்சள் ஸ்பேனர் எரிந்தது. சரி, சனிக்கிழமை பட்டறைக்குக் கொண்டுபோகலாம் என்று விட்டுவிட்டேன். கார் கொஞ்சம் சோம்பலாக ஓடியதை ஏசி மேல் பழி போட்டேன். மறுநாள் வீட்டுப் பலமாடிக் கார்ப்பேட்டையின் மூன்றாவது மாடிச் சரிவில் பெடலை முழுக்க மிதித்தும் வண்டி ஊர்ந்தது. பின்னால் நின்றவர் ஹாரன் அடித்த அடி இன்னும் காதில் இருக்கிறது.

பட்டறையில் ஸ்கேனர் மாட்டியதும் P2135 என்ற கோளாறு எண் வந்தது. இஞ்சினுக்குக் காற்று விடும் திராட்டில் வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் இரண்டு சென்சார்களும் ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்கின்றன. எதை நம்புவது என்று தெரியாத கம்ப்யூட்டர், பாதுகாப்புக்காக சக்தியைக் குறைத்துவிட்டது. மெக்கானிக் கையேட்டைத் திறந்து காட்டினார். அந்தக் காரில் ஸ்பேனர் என்றால் இஞ்சின், கியர் பக்கம் கோளாறு. "அண்ணே, இது சர்வீஸ் நினைவூட்டல் இல்லை" என்றார். கையேட்டை நான் அதுவரை தொட்டதே இல்லை, தப்பு என் பக்கம்தான்.

என் அனுபவத்தில் சர்வீஸ் ஸ்பேனர் வண்டியைக் கிளப்பும்போது, பெரும்பாலும் கிலோமீட்டர் கணக்கோடு வந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் எரிந்து, பெடலும் மந்தமானால் ஓரங்கட்டிவிடுங்கள்.

இன்னொன்று, நீலத் தெர்மாமீட்டர். வெப்பநிலை முள் இல்லாத பல ஜப்பானியக் கார்களில் இஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்பதற்கு இது எரியும். நம்மூர் வெயிலில் சில நிமிடத்தில் அணைந்துவிடும். அதே படம் சிவப்பில் வந்தால் இஞ்சின் கொதிக்கிறது, உடனே நிறுத்த வேண்டும்.

இப்போதெல்லாம் புதுக் கார் கைக்கு வந்ததும் கார்ப்பேட்டையிலேயே கையேட்டின் விளக்குப் பக்கத்தைத் திறந்து, முதலில் ஸ்பேனரைத் தேடுகிறேன்.