x = nπ + (−1)ⁿα: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

தில்லி ஆர்.கே.புரத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டதால் எழுதுகிறேன். அவர் மகள் சிபிஎஸ்இயில் 11ஆம் வகுப்பு. 2022-23இல் பாடங்களைக் குறைத்தபோது முக்கோணவியல் சமன்பாடுகளின் பொதுத் தீர்வு அங்கே கழன்றுவிட்டது. ஜேஇஇ அட்வான்ஸ்டுக்கோ அது வேண்டும். அதனால் ஊரிலிருந்து தமிழ்நாட்டுப் பாடநூலை வரவழைத்துப் படிக்கிறாள். புத்தகத்தில் ஒற்றை வரிச் சூத்திரம். கோச்சிங்கில் இரண்டு வரியாக எழுதச் சொல்கிறார்களாம். "எதைப் பிடிச்சுக்கச் சொல்லட்டும், சார்?" என்று கேட்டார்.

இரண்டும் ஒரே சரக்குதான். sin x = sin α என்பதை ஒரு பக்கம் கொண்டுவந்து பெருக்கலாக்கினால்

2 cos((x + α)/2) · sin((x − α)/2) = 0

என்று வரும். சைன் பூச்சியமானால் x = 2kπ + α. கொசைன் பூச்சியமானால் x = (2k + 1)π − α. π-யின் இரட்டைப்படை மடங்கோடு α கூடுகிறது, ஒற்றைப்படை மடங்கிலிருந்து கழிகிறது. இந்த இரண்டையும் ஒன்றாக மடித்ததுதான் x = nπ + (−1)ⁿα. n எந்த முழு எண்ணாகவும் இருக்கலாம், எதிர்ம எண்ணும் சேர்த்து.

மடித்த விதம் அழகு, அதில் சந்தேகமே இல்லை. வருடக்கணக்காக எரிச்சலூட்டுவது அந்த (−1)ⁿ எதைத் தொடுகிறது, எதைத் தொடவில்லை என்பது எழுதும்போது கண்ணுக்குத் தெரியாமல் போவது. ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்: 2 sin(3x − π/4) = √2.

வலப்பக்கம் √2/2, எனவே α = π/4. அடைப்புக்குள் இருப்பது முழுவதற்கும்தான் சூத்திரம் பொருந்தும்:

3x − π/4 = nπ + (−1)ⁿ π/4

இப்போது π/4-ஐ வலப்பக்கம் கொண்டுபோக வேண்டும். அங்கே ஏற்கெனவே ஒரு π/4 இருக்கிறது. அவசரத்தில் கை இரண்டையும் கூட்டி π/2 ஆக்கி, 3x = nπ + (−1)ⁿ π/2 என்று எழுதிவிடும். மூன்றால் வகுத்தால் x = nπ/3 + (−1)ⁿ π/6. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. இதைச் சரிபார்க்க n = 0 போடுங்கள்: x = π/6, சமன்பாட்டில் இட்டால் பொருந்துகிறது. n = 1: π/3 − π/6, மறுபடியும் π/6. n = 2, 3 இரண்டுக்கும் 5π/6, அதுவும் பொருந்துகிறது. n = 4, 5 இரண்டுக்கும் 3π/2, அதுவும்தான். எந்த n போட்டாலும் விடை பொருந்தும். ஆனால் சூத்திரம் தப்பு.

சரியான பாதையில் போனால் (−1)ⁿ உள்ள π/4 தனி, நகர்த்தி வந்த π/4 தனி:

3x = nπ + (−1)ⁿ π/4 + π/4

n இரட்டைப்படையானால் இரண்டும் கூடி π/2; x = 2kπ/3 + π/6. n ஒற்றைப்படையானால் இரண்டும் அடிபட்டுப் போகும்; x = (2k + 1)π/3. 0-விலிருந்து 2π-க்குள் முதல் வரி π/6, 5π/6, 3π/2 தருகிறது, இரண்டாம் வரி π/3, π, 5π/3 தருகிறது. தப்பான சூத்திரம் முதல் மூன்றையும் இரண்டிரண்டு தடவை சொல்லிவிட்டு, அடுத்த மூன்றைத் தொடவே இல்லை.

இடப்பெயர்ச்சியும் α-வும் ஒரே π/4 ஆக இருப்பதால்தான் இந்தத் தப்பு ஒளிந்துகொள்கிறது. வேறு எண்ணாக இருந்தால் பெரும்பாலும் n = 1-லேயே பொருந்தாமல் போய்க் காட்டிக்கொடுத்துவிடும். வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு π/4-உம் √2-உம் சேர்ந்து வருவது மிகவும் பிடிக்கும் என்பதால் இது அரிய சங்கதி அல்ல. விடையைத் திரும்ப இட்டுப் பார்ப்பது, வந்த விடை தீர்வா என்று மட்டுமே சொல்லும். எல்லாத் தீர்வும் வந்துவிட்டதா என்பதற்கு எண்ணிப் பார்க்க வேண்டும். 0-விலிருந்து 2π-க்குள் sin(3x − π/4) மூன்று முழுச் சுற்றுப் போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் √2/2 என்ற உயரத்தை ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையும் தொடுகிறது. ஆறு வந்தாக வேண்டும். மூன்றுதான் வந்தால் பேனாவைக் கீழே வைக்கக்கூடாது.

இதே எண்ணிக்கைதான் sin x = 1-லும் காலை வாரும். nπ + (−1)ⁿ π/2 என்று எழுதினால் தப்பில்லை, ஆனால் n = 0-வும் 1-உம் π/2-வையே தரும், 2-உம் 3-உம் 5π/2-வைத் தரும். எத்தனை தீர்வு என்று கேட்கும் வினாவில் n-ஐ எண்ணுகிறவர்கள் இரட்டிப்பாகச் சொல்வார்கள். இதற்கு 2nπ + π/2 என்று நேராக எழுதிவிடுவதே மேல்.

இரண்டு வரி முறையில் இந்தத் தொல்லைகள் அநேகமாக இல்லை. மேலே உள்ள கணக்கை முதலிலேயே 3x − π/4 = 2kπ + π/4 என்றும் 3x − π/4 = 2kπ + 3π/4 என்றும் பிரித்துக்கொண்டால் கூட்டுவதற்குக் குழப்பமே கிடையாது. நியாயமாக மதிப்பெண் போட்டால் இரண்டு வரிதான் முன்னே நிற்கும்.

ஆனாலும் என் ஓட்டு ஒற்றை வரிக்குத்தான், காரணம் α. பாடநூல் அதை −π/2 முதல் π/2 வரை வைத்துக்கொள்ளச் சொல்கிறது. விடை ஒரே மாதிரி இருக்க அது வசதி, அவ்வளவுதான். சமன்பாட்டை நிறைவுசெய்யும் எந்தக் கோணத்தை α-வாக வைத்தாலும் சூத்திரம் நிற்கும். sin x = −1/2-க்கு விடைக்குறிப்பில் nπ + (−1)ⁿ⁺¹ π/6 என்று இருக்கும். nπ + (−1)ⁿ 7π/6 என்று எழுதிய பிள்ளைக்குச் சிவப்பு மையில் அடிப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. இரண்டிலும் 0-விலிருந்து 2π-க்குள் வருவதை எடுங்கள்: 7π/6, 11π/6. n-இன் வரிசைதான் மாறியிருக்கிறது, தீர்வுகள் அதேதான்.

இந்தச் சுதந்திரத்தின் பலன் sin 5x = sin 2x-இல் தெரியும். இங்கே α எண்ணே இல்லை, அதுவும் x-ஐக் கொண்டது. சைன் தலைகீழி எடுக்கப் போனால் திணறல்தான். ஒற்றை வரிக்கு இது பொருட்டே இல்லை: 5x = nπ + (−1)ⁿ 2x. இரட்டைப்படையில் 3x = 2kπ, ஒற்றைப்படையில் 7x = (2k + 1)π. கணக்கு முடிந்தது. இங்கே இரண்டாகப் பிரித்துத்தான் முடிக்க வேண்டியிருக்கிறது, உண்மைதான். ஆனால் எங்கே பிரிக்க வேண்டும் என்பதை அந்த (−1)ⁿ தானே காட்டிவிடுகிறது.

மகளிடம் நண்பர் சொல்ல வேண்டியது இதுதான்: ஒற்றை வரியையே எழுதட்டும், (−1)ⁿ-க்குப் பின்னால் வரும் கோணத்தை எப்போதும் அடைப்புக்குறிக்குள் போட்டு வைக்கட்டும், வேறு எந்தக் கோணமும் அதற்குள் நுழையக்கூடாது. 3x-ஐ மூன்றால் வகுக்கும் முன் இரட்டைப்படை, ஒற்றைப்படை என்று பிரித்துவிடட்டும். sin x = ±1 வந்தால் மட்டும் சூத்திரத்தை மூடிவைத்துவிட்டு நேராக எழுதட்டும்.