சோலார் பேனல் நோட்டீஸில் வரும் பட்டைப் படத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்

வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட ஒரு டீலரிடம் முன்பணம் கொடுத்தோம். பெயர் வேண்டாம், புகார் இன்னும் நடக்கிறது. அவர் கையில் கொடுத்த வழவழப்பான நோட்டீஸில் மூன்று பேனல்களின் செயல்திறனை, அதாவது தன்மேல் விழும் வெயிலில் எத்தனை சதவீதத்தை மின்சாரமாக்கும் என்பதை, ஒப்பிடும் பட்டை வரைபடம் இருந்தது. முதல் பட்டை குட்டையாக, சாம்பல் நிறத்தில். அடுத்தது கொஞ்சம் உயரம். மூன்றாவது, அவர் விற்க நினைத்த விலை கூடிய பேனல், பச்சை நிறத்தில் முதல் பட்டையைப் போல நான்கு மடங்கு. "படத்தைப் பார்த்தாலே தெரியுதே சார்" என்றார். வாயால் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பட்டைகளின் தலையில் பொடி எழுத்தில் எண்கள்: 20.4%, 20.9%, 21.6%. இடப்பக்க அச்சில் எண்ணே கிடையாது. அச்சு எங்கே தொடங்குகிறது என்பதை மறைக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஆனால் பட்டையும் அதன் மேல் எண்ணும் இருந்தால், மறைத்த இடத்தை நாமே கண்டுபிடித்துவிடலாம். ஸ்கேலை வைத்தேன். முதல் பட்டை 1 செ.மீ., மூன்றாவது 4 செ.மீ. உயர வித்தியாசம் 3 செ.மீ., எண் வித்தியாசம் 1.2. ஆக ஒரு செ.மீ.க்கு 0.4. முதல் பட்டையின் உச்சியிலிருந்து ஒரு செ.மீ. கீழே இறங்கினால் 20.4-இல் 0.4 போய் 20. அதாவது அடிக்கோடு பூஜ்யம் இல்லை, 20. மூன்று பேனலுக்கும் பொதுவான 20-ஐ வெட்டி எறிந்துவிட்டு, மிச்சமிருந்த 0.4, 0.9, 1.6 ஆகியவற்றை மட்டும் பட்டையாக நிறுத்தியிருக்கிறார்கள். பூஜ்யத்திலிருந்து வரைந்திருந்தால் பச்சைப் பட்டை 4 செ.மீ. என்றால் சாம்பல் பட்டை சுமார் 3.8 செ.மீ. இருந்திருக்கும். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு யார் கூடுதலாகப் பணம் கொடுப்பார்?

பட்டையில் நம் கண் படிப்பது நீளத்தைத்தான். நீளம் இரண்டு மடங்கு என்றால் அளவும் இரண்டு மடங்கு என்றே மனம் எடுத்துக்கொள்ளும். மேலே எழுதிய எண் அப்புறம்தான். அதனால் பட்டைக்குப் பூஜ்யம் கட்டாயம். கோட்டு வரைபடம் வேறு. அதில் நாம் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை. காய்ச்சல் அளவைப் பூஜ்யத்திலிருந்து வரைந்தால் 98.6-க்கும் 102-க்கும் வித்தியாசமே தெரியாது. அச்சு வெட்டிய படமெல்லாம் மோசடி என்று குதிக்க வேண்டாம்.

இது சோலார் கடைக்காரர்களின் கண்டுபிடிப்பும் அல்ல. 2012-இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சி, புஷ் காலத்து வரிச்சலுகை முடிந்தால் உச்ச வருமான வரி 35%-இலிருந்து 39.6% ஆகும் என்று ஒரு படம் காட்டியது. அச்சு 34-இல் தொடங்கியது. உண்மையில் 13% உயர்வு. பட்டை ஐந்தரை மடங்குக்கு மேல் வளர்ந்து நின்றது.

டீலர் தரப்பு, "எக்செல் அப்படிப் போட்டுக் கொடுத்தது" என்றது. அதில் பாதி உண்மை உண்டு. எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் எக்செல் தானாகவே பூஜ்யத்தை விட்டுவிடும். Format Axis-இல் Minimum என்ற இடத்தில் 0 என்று கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் அச்சின் எண்களை அழித்ததும், ஒரு பட்டைக்கு மட்டும் பச்சை பூசியதும் எக்செல் செய்த வேலை அல்லவே!

இன்னொரு விஷயம், எனக்கு அதிகக் கோபம் வந்தது இதில்தான். படத்தை நேர்மையாக வரைந்திருந்தாலும் அந்த எண் நமக்குத் தேவையில்லாதது. 3 கிலோவாட் என்று சொல்லி வாங்கினால், செயல்திறன் எதுவானாலும் 3 கிலோவாட்தான். செயல்திறன் கூடினால் குறைவது அடைக்கும் இடம். 20.4% பேனலுக்கு ஏறக்குறைய 14.7 சதுர மீட்டர் வேண்டும், 21.6%-க்கு 13.9. மிச்சம் ஒன்பது சதுர அடி போல. ஒரு துணிக்கொடிகூடக் கட்ட முடியாது. மாடியில் இடம் இழுபறியாக உள்ளவர்களுக்கு அது உதவலாம், எங்களுக்கு இல்லை. வெயில் சூட்டில் உற்பத்தி எவ்வளவு குறையும், 25 ஆண்டு உத்தரவாதத்தில் கடைசி ஆண்டு எத்தனை சதவீதம் மிஞ்சும் என்பவற்றில்தான் பேனலுக்குப் பேனல் பார்க்க வேண்டிய வித்தியாசம் இருக்கிறது. நோட்டீஸில் அவை இரண்டுமே இல்லை.

ஆர்டரை ரத்து செய்யச் சொன்னோம். முன்பணம் திரும்பாது என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். நோட்டீஸின் மேல் ஸ்கேலை வைத்து எடுத்த போட்டோவும் அதனுடன் போயிருக்கிறது.