விலைவாசி ஏன் ஏறிக்கொண்டே போகிறது: பண அளவா, வட்டி இடைவெளியா?

கல்லூரியில் பணவியல் பாடம் எடுக்கிறேன். பணவீக்கப் பாடத்தைத் தொடங்கி வைக்க எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எல்லாரும் எடுக்கும் பண அளவுக் கோட்பாடு. இன்னொன்று, ஸ்வீடன் நாட்டுப் பொருளியலாளர் க்னுட் விக்செல் 1898-இல் எழுதிய விளக்கம். பல வருடம் முதலாவதை எடுத்துவிட்டு, சில வருடங்களாக இரண்டாவதற்கு மாறிவிட்டேன். எனவே இந்த ஒப்பீட்டில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

பண அளவுக் கோட்பாட்டை அதிகம் விளக்கத் தேவையில்லை. பணத்தை அது கைமாறும் வேகத்தால் பெருக்கினால், விலையை விற்கும் சரக்கால் பெருக்கியதற்குச் சமம்: MV = PT என்று பலகையில் எழுதினால் பாதி வேலை முடிந்தது. சரக்கு அப்படியே இருக்க, பணம் இரண்டு மடங்கானால் விலையும் இரண்டு மடங்காகும். அரசு தன் பற்றாக்குறைக்கு நோட்டு அடித்த கதைகளுக்கு, உதாரணமாக 1923 ஜெர்மனிக்கு, இதைவிடச் சுருக்கமான விளக்கம் இல்லை.

என்னை மாற வைத்தது பின் பெஞ்சில் இருந்து வந்த ஒரு கேள்வி. "சார், பணம் ஒரு தடவை கூடுச்சுன்னா விலையும் ஒரு தடவை ஏறி நின்னுடணுமே. ஏன் ஏறிக்கிட்டே போகுது?" பணமும் கூடிக்கொண்டே போகிறது என்றேன். "அதை யாரு கூட்டிக்கிட்டே இருக்காங்க?" என்று அடுத்த கேள்வி வந்தது. என்னிடம் நல்ல பதில் இல்லை. இந்த ஒரு விஷயத்தில்தான் விக்செல் ஜெயிக்கிறார், அதனால் இதையே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

அவர் இரண்டு விகிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார். தொழிலில் போட்ட முதல் உண்மையில் ஈட்டித் தரும் வருமானம் ஒன்று. இதை இயற்கை வட்டி விகிதம் என்கிறார். வங்கி கடனுக்குக் கேட்கும் வட்டி மற்றது. இரண்டும் சமமாக இருந்தால் விலைகள் பெரிதாக அசையாது. வங்கி வட்டி கீழே இறங்கினால் என்ன ஆகும்? ஒரு பட்டறை முதலாளியை எடுத்துக்கொள்வோம்.

அவர் வருடத் தொடக்கத்தில் கூலிக்காக 10,000 குரோனர் கடன் வாங்குகிறார். வருடக் கடைசியில் சரக்கு 10,400-க்கு விற்கிறது. அதாவது இயற்கை விகிதம் 4 சதவீதம். வங்கி 3 சதவீதம்தான் கேட்கிறது என்றால் 10,300 கட்டிவிட்டு 100 மிச்சம் பிடிக்கிறார். இதே லாபம் ஊரில் எல்லா முதலாளிகளுக்கும் கிடைக்கிறது. எல்லாரும் இன்னும் ஆள் சேர்க்கப் பார்க்கிறார்கள். ஆட்களோ அதே எண்ணிக்கைதான், கூலி ஏறுகிறது. அடுத்த வருடம் அதே ஆட்களை வைத்துக்கொள்ள 10,100 கடன் வாங்க வேண்டியிருக்கிறது. அந்தக் கூலி கடைவீதிக்குப் போகிறது, சரக்கு கூடவில்லை, விலை ஒரு சதவீதம் ஏறுகிறது.

'கூலி ஏறிவிட்டது, லாபம் போச்சு, இத்தோடு நின்றுவிடும்' என்று இங்கே தோன்றும். ஆனால் சரக்கின் விலையும் ஏறிவிட்டதே. இப்போது விற்பனை 10,504. வங்கிக்குக் கட்ட வேண்டியது 10,403. மிச்சம் 101. செலவு கூடியும் லாபம் கரையவில்லை. மூன்றாம் வருடக் கடன் 10,201, மறுபடியும் அதே கதை. இடைவெளி இருக்கும் வரை விலை ஒவ்வொரு வருடமும் ஏறும். பணத்தை யார் கூட்டுகிறார்கள் என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது: வங்கி கடன் கொடுக்கும்போது கணக்கில் வரவு வைக்கிறது, அந்த வரவுதான் புதுப்பணம். கடன் பெருகப் பெருகப் பணமும் பெருகுகிறது. (விக்செல் தன்னை அளவுக் கோட்பாட்டின் எதிரியாகவே நினைக்கவில்லை, அதில் விட்டுப்போன இணைப்பைப் பூட்டுவதாகத்தான் நினைத்தார்.)

முதலாளி புத்திசாலியாகி, 'அடுத்த வருடமும் விலை ஒரு சதவீதம் ஏறும்' என்று முன்கூட்டியே கணக்குப் போட்டால் நிலைமை இன்னும் மோசம். அவர் எதிர்பார்க்கும் வருமானம் ரூபாய் அணா கணக்கில் 4 அல்ல, கிட்டத்தட்ட 5. வங்கி இன்னும் 3-இல் நின்றால் இடைவெளி இரண்டாகிவிடுகிறது, ஏற்றத்தின் வேகமும் கூடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் துருக்கியைப் பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் அங்கே பணவீக்கம் சுமார் 19 சதவீதம், மத்திய வங்கியின் வட்டியும் 19. உயர் வட்டிதான் விலைவாசிக்குக் காரணம் என்பது அதிபர் எர்டோகனின் வாதம். செப்டம்பரில் குறைக்கத் தொடங்கி டிசம்பரில் 14-க்குக் கொண்டுவந்தார்கள். அதே டிசம்பரில் பணவீக்கம் 36 சதவீதம். 2022 அக்டோபரில் 85-ஐத் தாண்டியது, வட்டியோ இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. லிராவில் கடன் வாங்கி எந்தப் பொருளை வாங்கி வைத்தாலும் லாபம் என்ற நிலை. 2022 ஜூனில் அந்நாட்டு வங்கி ஒழுங்குமுறை அமைப்பு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் அந்நியச் செலாவணி வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு லிராக் கடன் தரக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. மலிவாகக் கடன் வாங்கி டாலரில் போடுவதைத் தடுக்கத்தான் இது. வட்டியை ஏற்றிச் சரிசெய்ய வேண்டியதைக் கதவடைத்துச் சரிசெய்யப் பார்ப்பது இடைவெளி இருப்பதற்கு நல்ல அடையாளம்.

எங்கள் ஊரிலேயே 4 சதவீத வட்டிக்கு விவசாய நகைக் கடன் வாங்கி, அதை அப்படியே வைப்புநிதியில் போட்டவர்கள் உண்டு. வகுப்பில் இதைச் சொன்னால் பையன்கள் சிரிக்கிறார்கள், உடனே புரிந்தும் விடுகிறது. ஆளுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருப்பதால் அந்தக் கடனால் விலைவாசி ஆடவில்லை. ஊர் முழுக்க வரம்பில்லாமல் கொடுத்திருந்தால் ஆடியிருக்கும்.

விக்செல் பக்கம் ஓட்டை இல்லையா என்றால், உண்டு, பெரிய ஓட்டைதான். இயற்கை விகிதத்தை எந்தக் கருவியாலும் நேரடியாக அளக்க முடியாது. 2008-க்குப் பிறகு அமெரிக்க மத்திய வங்கி ஏராளமாகப் பணம் விட்டும், வட்டியைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்தும் பல வருடம் விலை பெரிதாக ஏறவில்லை. அளவுக் கோட்பாட்டுக்கு இது சங்கடம். 'இயற்கை விகிதமே தாழ்ந்துவிட்டது' என்று விக்செல் கட்சி சுலபமாகத் தப்பிக்கலாம், ஆனால் எதற்கும் பொருந்தும் பதிலாக அது மாறிவிடும் ஆபத்து இருக்கிறது. துருக்கியிலும் லிராவின் சரிவு, 2022-இன் எரிபொருள் விலை எல்லாம் கலந்திருக்கின்றன. 85-இல் எவ்வளவு இடைவெளியால் வந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

இதற்கு விக்செல் சொன்ன வழி எளிமையானது. இயற்கை விகிதத்தைத் தேடி அலையாதே, விலைகளைப் பார். ஏறினால் வட்டியை ஏற்று, இறங்கினால் இறக்கு, அசையாவிட்டால் விட்டுவிடு. துருக்கி 2023 ஜூனில்தான் ஏற்றத் தொடங்கியது. முதல் படி 15 சதவீதம். அப்போது பணவீக்கம் 38. 2024 மார்ச்சில் 50 வரை போனார்கள், பணவீக்கம் மே மாதம் 75-ஐத் தொட்ட பிறகே இறங்கத் தொடங்கியது.

இந்தப் பாடம் முடியும்போது யாராவது ஒருவர் கேட்பார்: வங்கி வட்டியை மறுபடி 4 ஆக்கினால் கூலி 10,000-க்குத் திரும்புமா? திரும்பாது. மூன்றாம் வருடம் நிறுத்தினால் 10,201-இல் நிற்கும், அவ்வளவுதான். பழைய விலை வேண்டுமென்றால் வட்டியைக் கொஞ்ச காலம் 4-க்கு மேலே வைத்துப் பட்டறைகளை நஷ்டத்தில் ஓடவிட வேண்டும்.