இருபதாவது வார ஸ்கேன், சிசுவின் இதய எக்கோ: எதில் எது தெரியும்?

அட்டன், நுவரெலியா பக்கத்துக் கர்ப்பிணி ஒருவருக்கு, வயிற்றுப் பிள்ளையின் இதயத்தை மட்டும் விரிவாகப் பார்க்கும் ஸ்கேனான இதய எக்கோவுக்குக் கடிதம் கொடுத்தால் வீட்டில் உடனே கேட்பார்கள்: "ஸ்கேன்ல பிள்ளை நல்லா இருக்குன்னாங்களே, இனி எதுக்குக் கண்டிக்குப் போகணும்?"

கர்ப்பத்துக்கு முன்பே சீனி வருத்தம் இருந்து, இன்சுலின் போடும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். இருபதாவது வார ஸ்கேனில் தலை முதல் கால் வரை பார்ப்பதால் இதயத்துக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். நாலு அறைகளும் அளவாக இருந்தன, துடிப்பும் சரி. அவ்வளவும் உண்மை. ஆனால் இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாய்கள் இரண்டும் இடம் மாறியிருக்கும் குறையில் நாலு அறைகள் பெரும்பாலும் அப்படியே சரியாகத்தான் தெரியும்.

எக்கோ டொக்டர் அரை மணி நேரத்துக்கு மேல் இதயத்தை மட்டுமே பார்ப்பார். இதயம் எந்தப் பக்கம், நாளங்கள் எங்கே சேர்கின்றன, வால்வுகள், நடுச்சுவர் என வரிசையாகப் பார்த்து, கலர் டொப்ளரில் இரத்தம் ஓடும் திசையையும் சரிபார்ப்பார். இடது கீழறையிலிருந்து புறப்படும் குழாயைத் தொடர்ந்து போனால், இந்தப் பிள்ளையில் அது கொஞ்ச தூரத்திலேயே இரண்டாகப் பிரிந்து நுரையீரல்களுக்குப் போகிறது. உடம்புக்குப் போகவேண்டிய குழாய் அதுவல்ல. ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கவேண்டிய இரு குழாய்களும் பக்கம் பக்கமாக ஓடுகின்றன.

வயிற்றில் நச்சுக்கொடி ஒட்சிசன் கொடுப்பதால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. பிறந்த சில மணி நேரத்திலிருந்து சில நாளுக்குள், இரு பக்க இரத்தமும் கலக்கும் இயற்கையான வழிகள் மூடத் தொடங்க, உடல் நீலமாகும். அப்போது வழியைத் திறந்து வைக்கும் மருந்து ஏற்ற வேண்டும், தேவைப்பட்டால் மேலறைகளுக்கு இடையிலான துளையை பலூனால் பெரிதாக்க வேண்டும், பிறகு சத்திரசிகிச்சை. முன்பே தெரிந்தால் பிரசவத்தையே இதய சிகிச்சைக்கு எட்டும் இடத்தில் வைக்கலாம்.

பிறந்தபின் இரத்தத்தில் உள்ள ஒட்சிசன் அளவைக் காட்டும் ஒட்சிமீற்றரில் பார்ப்போம் என்று விடுவதும் ஒரு தெரிவுதான். அதுவும் அவசியம். ஆனால் நுவரெலியா போன்ற உயரத்தில் நல்ல பிள்ளைக்கே அளவு சற்றுக் குறையலாம். குறை உறுதியாகும்போது பிள்ளை மலைப்பாதையில் மணிக்கணக்கில் பயணப்பட வேண்டியிருக்கும். அதனால் எக்கோவுக்கு மாற்றாக இதை நான் ஏற்கமாட்டேன்.

கடிதம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. முன்பே உள்ள சீனி வருத்தம், தாய் தகப்பனுக்கோ மூத்த பிள்ளைக்கோ பிறவி இதயக் குறை, சில வலிப்பு மருந்துகள், ஒரே நச்சுக்கொடியைப் பகிரும் இரட்டையர், எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்கேனிலேயே எழும் சந்தேகம் ஆகியவை முக்கிய காரணங்கள். ஆறேழு மாதத்தில் புதிதாக வரும் சர்க்கரைக்குப் பொதுவாக எக்கோ தேவைப்படாது, ஏனெனில் இதயம் எட்டாம் வார அளவிலேயே உருவாகிவிடுகிறது.

எக்கோவிலும் எல்லாம் தெரியாது. சின்னத் துளைகள் தப்பலாம். மேலறைத் துளை எல்லாச் சிசுவிலும் திறந்தே இருப்பதால், அது பிறகு மூடுமா என்று அங்கேயே சொல்ல முடியாது. இதயக் குறையுள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோர் எந்த ஆபத்துக் காரணமும் இல்லாத தாய்மாரின் பிள்ளைகள். ஆகவே கடிதம் இல்லாதவர்கள் இருபதாவது வார ஸ்கேனைத் தவறவிடாமல், "பெருங்குழாய்களும் பார்த்தீங்களா?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.